இன்ட்ராடேயில் 10 பேரில் 7 பேர் ஏன் நஷ்டப்படுகிறார்கள்? ஒரே ஒரு டிரேடை வைத்து ஒரு கணக்கு

புரோக்கர் ஆப்பைத் திறந்ததும் ஓர் எச்சரிக்கைப் பலகை வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கும் 10 தனிநபர்களில் 9 பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று அது சொல்லும். 2023 ஜூலையிலிருந்து இதைக் காட்ட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் உத்தரவு. இதைப் படித்துவிட்டுப் பலர் எடுக்கும் முடிவு: "ஆப்ஷன் பக்கம் போக வேண்டாம். சாதாரணப் பங்கை காலையில் வாங்கி மாலைக்குள் விற்றால் அவ்வளவு ஆபத்து இல்லை."

அந்தச் சாதாரணப் பங்கு இன்ட்ராடேவையும் செபி தனியாக ஆராய்ந்து, 2024 ஜூலையில் முடிவுகளை வெளியிட்டது. 2022-23 நிதியாண்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 71% பேருக்கு நஷ்டம். 30 வயதுக்கு உட்பட்டவர்களில் இது 76%. வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் 80%.

கடைசி எண்ணில்தான் குழப்பம் தொடங்குகிறது. எந்தத் தொழிலிலும் செய்யச் செய்யக் கை பழகும். இங்கே அதிகம் செய்தவர்கள் அதிகம் தோற்கிறார்கள். சந்தையைக் கணிக்கத் தெரியாததுதான் காரணம் என்றால், 50-க்கு 50 என்ற அளவிலாவது முடிவுகள் இருக்க வேண்டும். அதைவிட மோசமாக இருக்கிறது என்றால், கணிப்புக்கு வெளியே எங்கோ பணம் ஒழுகுகிறது. எங்கே என்பதை ஒரே ஒரு டிரேடை வைத்துப் பார்க்கலாம்.

## முதலில் சில சொற்கள்

இன்ட்ராடே: ஒரே நாளில் வாங்கி அன்றே விற்பது, அல்லது முதலில் விற்று அன்றே வாங்கிக் கணக்கை முடிப்பது. பங்கு உங்கள் டீமேட்டுக்கு வராது.

பொசிஷன்: நீங்கள் வாங்கியிருக்கும் மொத்தப் பங்கின் மதிப்பு. கையிலிருந்து போட்ட பணம் இதைவிட மிகக் குறைவாக இருக்கலாம்.

மார்ஜின்: அந்த பொசிஷனை எடுக்க நீங்கள் உண்மையில் வைக்க வேண்டிய பணம். செபி விதிப்படி பங்கு இன்ட்ராடேவுக்குக் குறைந்தது 20%. அதாவது ₹20,000 வைத்து ₹1 லட்சத்துக்கு வாங்கலாம். இதைத்தான் 5 மடங்கு லெவரேஜ் என்கிறார்கள்.

ஸ்டாப்லாஸ், டார்கெட்: இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு, இவ்வளவு ஏறினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே குறிக்கும் இரண்டு விலைகள்.

## ₹200 லாபத்தில் கைக்கு எவ்வளவு வரும்?

₹500 விலையுள்ள ஒரு பங்கில் 200 வாங்குகிறீர்கள். பொசிஷன் ₹1,00,000. பங்கு ₹501-க்குப் போனதும் விற்றுவிடுகிறீர்கள். ஆப் திரையில் பச்சை நிறத்தில் +₹200 என்று காட்டும். மாலையில் மின்னஞ்சலில் வரும் காண்ட்ராக்ட் நோட்டில் அதே டிரேடுக்கு இவை கழிந்திருக்கும் (டிஸ்கவுன்ட் புரோக்கர், என்எஸ்இ என்று வைத்துக்கொள்வோம்):

1. புரோக்கரேஜ்: ஆர்டருக்கு ₹20 அல்லது 0.03%, இதில் எது குறைவோ அது. வாங்க ₹20, விற்க ₹20. மொத்தம் ₹40.
2. எஸ்டிடி என்னும் பங்குப் பரிவர்த்தனை வரி: விற்கும்போது 0.025%. சுமார் ₹25.
3. எக்ஸ்சேஞ்ச் கட்டணம்: ஒவ்வொரு பக்கமும் லட்சத்துக்கு ஏறக்குறைய ₹3. இரண்டு பக்கமும் சேர்த்து ₹6.
4. முத்திரைத் தீர்வை: வாங்கும்போது 0.003%. ₹3.
5. செபி கட்டணம்: கோடிக்கு ₹10. இங்கே 20 காசு.
6. ஜிஎஸ்டி: புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், செபி கட்டணம் மூன்றின் மீதும் 18%. சுமார் ₹8.

மொத்தம் ₹82. உங்கள் ₹200 லாபம் ₹118 ஆகிவிட்டது. பங்கு ஒன்றுக்கு 41 காசு ஏறிய பிறகுதான் நீங்கள் பூஜ்ஜியத்துக்கே வருகிறீர்கள்.

லட்ச ரூபாய்க்கு ₹82 என்றால் 0.08%தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இதைச் சந்தையின் வேகத்தோடு வைத்துப் பாருங்கள். சந்தை வருஷத்துக்கு 12% ஏறுகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும், 250 வர்த்தக நாட்களுக்குப் பிரித்தால் நாளுக்குச் சராசரியாக 0.05% வரும். ஒரு பங்கை ஒரே ஒரு நாள் வைத்திருப்பவருக்குச் சந்தை தானாகத் தருவது அவ்வளவுதான். அவர் கட்டும் செலவு அதைவிட அதிகம். நீண்ட நாள் முதலீட்டாளர் எதுவும் செய்யாமலே பெறும் ஏற்றம், இன்ட்ராடே செய்பவரின் செலவைக்கூட ஈடுகட்டாது.

அந்த ஏற்றத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது, ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுப்பது மட்டுமே. கிளப்பில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேசைக் கட்டணம் பிடித்துக்கொண்டு நடக்கும் சீட்டாட்டத்தைப் போல: யார் ஜெயித்தாலும் மேசையிலுள்ள மொத்தப் பணம் குறைந்துகொண்டேதான் போகும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் கணினி வழி ஆர்டர் போடும் பெரிய நிறுவனங்கள் என்பது தனிக்கதை.

## செலவு பொசிஷன் மீது, நஷ்டம் உங்கள் பணத்தின் மீது

லெவரேஜ் லாபத்தையும் நஷ்டத்தையும் பெருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது செலவையும் அதே அளவு பெருக்குகிறது என்பது பலர் கண்ணில் படுவதில்லை.

மேலே சொன்ன ₹82 கட்டியது ₹1 லட்சம் பொசிஷனுக்கு. ஆனால் உங்கள் கையிலிருந்து போனது ₹20,000 மட்டும். அதன் மீது கணக்குப் போட்டால் ஒரு டிரேடுக்கான செலவு 0.41%. நாளுக்கு 4 டிரேடு, மாதத்துக்கு 20 நாள் என்றால் மாதம் 80 டிரேடு, ₹6,560. வருஷத்துக்கு 960 டிரேடு, ₹78,720.

₹20,000 முதலீட்டில் வருஷச் செலவு ₹78,720. போட்ட பணத்தைப் போல ஏறக்குறைய 4 மடங்கு. கணிப்பு எல்லாம் சரிபாதி சரி, சரிபாதி தப்பு என்று இருந்தாலும் இந்தக் கணக்கு மூன்று, நான்கு மாதத்தில் காலியாகிவிடும். வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல் போனவர்களில் 80% பேர் ஏன் நஷ்டத்தில் இருக்கிறார்கள் என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

செபியின் அதே ஆய்வில் இன்னொரு எண் உண்டு. நஷ்டப்பட்டவர்கள் விலை நகர்வில் இழந்த தொகையில் 57% அளவுக்கு, அதற்கு மேல் கட்டணங்களாகவும் கட்டியிருக்கிறார்கள். சந்தையில் ₹100 விட்டவர் உண்மையில் ₹157 விட்டார். லாபம் பார்த்தவர்களுக்கும் செலவு உண்டு, ஆனால் அது அவர்களின் லாபத்தில் 19%.

பொசிஷன் பெரிதானால் ₹20 என்ற உச்ச வரம்பு உதவும். ₹5 லட்சம் பொசிஷனுக்கு மொத்தச் செலவு 0.045% அளவுக்குக் குறையும். ₹10,000 பொசிஷனுக்கு அந்த வரம்பு எட்டாது, 0.03% முழுதாகப் போகும், மொத்தம் 0.1%-ஐத் தாண்டும். சிறியவர்களுக்குத்தான் சதவீதம் அதிகம்.

## காண்ட்ராக்ட் நோட்டில் வராத செலவு

எந்த நேரத்திலும் ஒரு பங்குக்கு இரண்டு விலைகள் உண்டு: வாங்குபவர் கேட்கும் விலை, விற்பவர் சொல்லும் விலை. மார்க்கெட் ஆர்டர் போட்டால் விற்பவர் விலைக்கு வாங்கி, வாங்குபவர் விலைக்கு விற்கிறீர்கள். இந்த இடைவெளி ஸ்பிரெட். பெரிய பங்குகளில் 5, 10 காசுதான். சிறிய பங்குகளில் ரூபாய்க் கணக்கிலும் இருக்கும்.

இதைவிட வலிப்பது ஸ்லிப்பேஜ். ₹497.50-க்கு ஸ்டாப்லாஸ் வைத்திருக்கிறீர்கள். விலை அங்கே வந்ததும் உங்கள் ஆர்டர் மார்க்கெட் ஆர்டராக மாறும். அதே இடத்தில் இன்னும் பலர் ஸ்டாப்லாஸ் வைத்திருப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பார்கள். உங்களுடையது ₹497.30-க்கு முடியும். 20 காசு, 200 பங்கு, ₹40. எந்தக் கட்டணப் பட்டியலிலும் இது இருக்காது. நஷ்டத்துக்குள்ளேயே கலந்திருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. கீழே வரும் கணக்குகளில் இதைச் சேர்க்கவில்லை. உண்மை நிலவரம் அவற்றைவிட இன்னும் சற்று மோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 50% போதாது: தாண்ட வேண்டிய கோடு எங்கே?

"10-ல் 5 சரியாக வந்தால் போதும், ஆறு வந்தால் லாபம்" என்று டிரேடிங் வகுப்புகளில் சொல்வார்கள். ₹82-ஐச் சேர்த்துப் பார்ப்போம். டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் சமம் என்று கொள்வோம்.

டார்கெட் ₹500, ஸ்டாப்லாஸ் ₹500: ஜெயித்தால் கைக்கு ₹418. தோற்றால் ₹582 போகும். சமநிலைக்கே 58% டிரேடுகள் ஜெயிக்க வேண்டும்.

டார்கெட் ₹250, ஸ்டாப்லாஸ் ₹250: ஜெயித்தால் ₹168, தோற்றால் ₹332. வேண்டியது 66%.

டார்கெட் ₹1,000, ஸ்டாப்லாஸ் ₹1,000: ₹918, ₹1,082. வேண்டியது 54%.

சின்னச் சின்ன லாபமாக அடிக்கடி எடுப்பதை ஸ்கால்ப்பிங் என்பார்கள். கேட்கும்போது பாதுகாப்பாகத் தோன்றும் இந்த முறையில்தான் கோடு மிக உயரத்தில் இருக்கிறது. நகர்வு சின்னதாகச் சின்னதாக, அதில் நிலையான செலவின் பங்கு பெரிதாகிறது.

முதலில் சொன்ன ₹500 திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் 10 டிரேடில் 6 சரியாகக் கணிக்கிறார். இது நல்ல திறமை. விலைக் கணக்கில் லாபம் ₹1,000. செலவு ₹820. மிச்சம் ₹180. இரண்டு முறை ஸ்டாப்லாஸ் 20 காசு, 30 காசு தள்ளி முடிந்திருந்தால் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

## அதே 10 டிரேடு, மனுஷன் கையில்

மேலே உள்ளது, குறித்த டார்கெட்டிலும் குறித்த ஸ்டாப்லாஸிலும் அசையாமல் வெளியேறும் ஆளின் கணக்கு. அப்படிப்பட்ட ஆள் அபூர்வம்.

லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்பதும், நஷ்டத்தில் இருப்பதை விடாமல் பிடித்திருப்பதும் எங்கும் காணப்படும் பழக்கம். ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரு நிதியியல் ஆய்வாளர்கள் 1985-ல் இதற்குப் பெயரிட்டார்கள். 1998-ல் டெரன்ஸ் ஓடீன் ஒரு டிஸ்கவுன்ட் புரோக்கரின் 10,000 கணக்குகளைப் பார்த்தபோது, லாபத்திலுள்ள பங்கை விற்கும் விகிதம் நஷ்டத்திலுள்ளதை விற்பதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. காரணம் எளிது: விற்கும்வரை நஷ்டம் நிஜமில்லை என்று மனசு நம்புகிறது. லாபமோ எந்த நிமிஷமும் ஓடிவிடும் என்று பயப்படுகிறது.

நம் உதாரணத்தில் இது இப்படி நடக்கும். ₹500 வர வேண்டிய லாபம் ₹300 ஆனதும் "போதும், கையில் வந்தது வரட்டும்" என்று விற்கிறார். ₹500-ல் நிற்க வேண்டிய நஷ்டத்தில், "கொஞ்சம் பார்க்கலாம், திரும்பும்" என்று ஸ்டாப்லாஸைக் கீழே நகர்த்துகிறார். ₹800-ல் முடிகிறது. கணிப்புத் திறமை மாறவில்லை, இன்னும் 10-ல் 6 சரி.

ஆறு வெற்றி: 6 × ₹218 = ₹1,308.
நான்கு தோல்வி: 4 × ₹882 = ₹3,528.
நிகர நஷ்டம் ₹2,220.

இந்தப் பழக்கத்தோடு சமநிலைக்கு வர 80% டிரேடுகள் ஜெயிக்க வேண்டும். அப்படி ஜெயிப்பவர் யாரும் ₹20,000 வைத்துக்கொண்டு ஆப்பைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். இதிலுள்ள விஷமம் என்னவென்றால், அந்த நபரின் நினைவில் 10-க்கு 6 ஜெயித்ததுதான் நிற்கும். "என் கணிப்பு சரி, நேரம் சரியில்லை" என்று அவர் சொல்வது பொய்யும் இல்லை.

இன்னும் இரண்டு பழக்கங்கள் இதோடு சேர்ந்தே வரும்.

1. ஆவரேஜ் செய்வது. ₹500-க்கு 200 பங்கு. ₹496-க்கு இறங்கியதும் இன்னும் 200 வாங்கினால் சராசரி ₹498. "இரண்டு ரூபாய் ஏறினால் போதும்." ₹495-க்குப் போனால் 400 பங்குக்கு ₹3 வீதம் ₹1,200 நஷ்டம். முதலிலேயே ₹497.50-ல் வெளியேறியிருந்தால் ₹500. கூடுதல் ஆர்டருக்கான செலவு வேறு.

2. டெலிவரிக்கு மாற்றுவது. பிற்பகல் 3.20 வாக்கில் பாக்கி இருக்கும் இன்ட்ராடே பொசிஷன்களை புரோக்கரே முடித்துவிடுவார், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. நஷ்டத்தை ஏற்க மனமில்லாதவர் அதற்கு முன் முழுப் பணத்தையும் கட்டி பொசிஷனை டெலிவரியாக மாற்றுவார். காலையில் டிரேடாக இருந்தது மாலையில் "லாங் டெர்ம்" ஆகிவிடும். இதன் பக்கவிளைவு பெரிது: தோற்ற டிரேடுகள் இன்ட்ராடே அறிக்கையிலிருந்து மறைந்துவிடுகின்றன. அவருடைய இன்ட்ராடே வெற்றி விகிதம் காகிதத்தில் அழகாக இருக்கும், டீமேட்டில் சிவப்பு நிறப் பங்குகள் குவிந்திருக்கும்.

## வரி: ஜெயித்தால் பங்கு கேட்கும், தோற்றால் ஒதுங்கும்

பங்கு இன்ட்ராடே லாபத்தை வருமான வரிச் சட்டம் மூலதன ஆதாயமாகப் பார்ப்பதில்லை. ஊக வணிக வருமானம் என்று தனி வகையில் வைக்கிறது. இதன் விளைவுகள்:

1. லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி அடுக்கின்படி வரிக்கு உள்ளாகும். நீண்ட கால, குறுகிய கால ஆதாயத்துக்கான தனி விகிதங்கள் இதற்கு இல்லை. எஸ்டிடி, புரோக்கரேஜ் ஆகியவற்றைத் தொழில் செலவாகக் கழிக்கலாம் என்பது ஓர் ஆறுதல்.
2. நஷ்டத்தை இன்னொரு ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்தில், வாடகையில், பங்கு முதலீட்டு ஆதாயத்தில் கழிக்க முடியாது.
3. மிஞ்சிய நஷ்டத்தை 4 வருஷம் வரை முன்னெடுத்துச் செல்லலாம், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் மட்டும். பின்னோக்கி எடுத்துச் செல்ல வழியே இல்லை.

20% அடுக்கில் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு முதல் வருஷம் ₹50,000 நிகர லாபம். செஸ் சேர்த்து வரி ₹10,400. அடுத்த வருஷம் அதே ₹50,000 நஷ்டம். இரண்டு வருஷத்தில் சந்தையில் அவர் சம்பாதித்தது பூஜ்ஜியம், கட்டிய வரி ₹10,400. அது திரும்பி வராது. அடுத்த 4 வருஷத்துக்குள் மீண்டும் இன்ட்ராடேயில் லாபம் வந்தால் மட்டும் அந்த நஷ்டம் பயன்படும். "நஷ்டத்தை வீணாக்கக் கூடாது" என்று மறுபடி இறங்குவதற்கு இதையே காரணமாகச் சொல்பவர்களும் உண்டு.

நடைமுறையில் இன்னொரு ஓட்டை. சம்பளக்காரர்கள் பழக்கத்தில் ஐடிஆர்-1 போட்டுவிடுகிறார்கள். இன்ட்ராடே இருந்தால் ஐடிஆர்-3 போட வேண்டும். நஷ்டம்தானே, எதற்குக் காட்ட வேண்டும் என்று விட்டால் முன்னெடுக்கும் உரிமையும் போகிறது. (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஊக வணிகமல்லாத தொழில் வருமானம் என்ற வேறு வகையில் வருகிறது. அதற்கு விதிகள் வேறு.)

## உங்கள் கணக்கில் எது ஒழுகுகிறது என்று பார்க்க

ஆப் திரையின் பச்சை எண்ணை விட்டுவிடுங்கள். பல ஆப்களில் அது செலவு கழிக்காத எண். யாராவது லாப ஸ்கிரீன்ஷாட் போட்டால் அதுவும் பெரும்பாலும் இந்த எண்தான். புரோக்கர் தளத்தில் வரிக்கான லாப நஷ்ட அறிக்கை என்று ஒன்று இருக்கும். ஒரு முழு நிதியாண்டுக்கு அதை இறக்கி, வரிசையாக மூன்றைப் பாருங்கள்.

1. செலவு கழிப்பதற்கு முன் லாபமா, நஷ்டமா? நஷ்டம் என்றால் சிக்கல் கணிப்பிலோ மனப் பழக்கத்திலோ இருக்கிறது. எது என்று அறிய, ஜெயித்த டிரேடுகளின் சராசரித் தொகையையும் தோற்றவற்றின் சராசரித் தொகையையும் பக்கத்தில் வையுங்கள். வெற்றி விகிதம் 50%-க்கு மேல் இருந்தும் மொத்தம் நஷ்டம் என்றால், அது ₹300/₹800 நோய்.
2. செலவுக்கு முன் லாபம், பின் நஷ்டம் என்றால் டிரேடுகளின் எண்ணிக்கை அதிகம், அல்லது டார்கெட் மிகச் சின்னது.
3. டெலிவரிக்கு மாற்றி வைத்திருக்கும் பங்குகளின் இன்றைய நஷ்டத்தையும் சேருங்கள்.

மூன்றையும் தாண்டி லாபம் நிற்கிறது என்றால், அடுத்த கேள்வி அது திறமையா அதிர்ஷ்டமா என்பது. நாணயத்தைச் சுண்டி 100 முறை வாங்கி விற்றாலே, அப்படிச் செய்யும் 100 பேரில் சுமார் 18 பேருக்கு 55 முறையோ அதற்கு மேலோ சரியாக வந்துவிடும். ஆகவே 100 டிரேடு எதையும் நிரூபிக்காது. நம் ₹500 திட்டத்தில் தாண்ட வேண்டிய கோடு 58%, திறமைசாலியின் உண்மையான விகிதம் 60% என்று வைத்தால், இந்த 2% வித்தியாசம் வெறும் தற்செயல் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லவே சுமார் 3,000 டிரேடு வேண்டும். நாளுக்கு 4 என்றால் 3 வருஷம். அதுவரை கட்டணமாகப் போவது ஏறக்குறைய ₹2,46,000, அதுவும் ₹20,000 மார்ஜின் வைத்து எடுக்கும் பொசிஷனுக்கு.